ஏழு ஊர்களில் ஒன்பது பேர்: தொலைவில் இருக்கும் குழுவுக்குப் பரிசு அனுப்புவது எப்படி

கோவையில் இருந்துகொண்டு ஒரு சின்ன மென்பொருள் உதவிக் குழுவை நடத்துகிறேன். ஒன்பது பேர். சென்னையில் இரண்டு, மதுரையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் இரண்டு, மணிலா, நைரோபி, பெர்லின், டொரண்டோ ஆகிய ஊர்களில் ஒவ்வொருவர். 2024 டிசம்பரில் முதல்முறையாக எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு பரிசுப் பெட்டி அனுப்பலாம் என்று ஆசைப்பட்டேன். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிப் பொருள்: பெயர் பொறித்த ஸ்டீல் பாட்டில், டீஷர்ட், பவர் பேங்க், அரைக் கிலோ பால்கோவா. எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுத்தால் அதுதான் நியாயம் என்று நினைத்துவிட்டேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் பேங்கைக் கொரியர் கடையிலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள், ஏனென்றால் தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஆக இந்தியாவில் இருந்த மூவருக்கு மட்டும் பவர் பேங்க் போனது, வெளிநாட்டில் இருந்த ஆறு பேருக்குப் போகவில்லை. பெர்லின் பெட்டியில் பால்கோவா இருந்ததால் அது கஸ்டம்ஸில் மாட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனி ஆட்களுக்குப் போகும் பார்சலில் பால் பொருளும் இறைச்சியும் வரக் கூடாது. பால்கோவாவை எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பினார்கள், அதற்கு வரியும் கொரியரின் சேவைக் கட்டணமும் சேர்த்துப் பெர்லின்காரர் தன் கையிலிருந்து கிட்டத்தட்ட 20 யூரோ கட்டினார். மணிலாவுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி: "அண்ணை, பார்சல் வந்திட்டுது, ஆனா எடுக்கக் காசு கட்டச் சொல்லுகினம்."

பெட்டிக்குள் இருந்தது தலைக்கு 2,800 ரூபாய். ஒன்பது பேருக்கு 25,200. கொரியருக்கு மட்டும் 17,000-க்கு மேல். அதாவது மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு யாருக்கும் பரிசாகப் போகவே இல்லை.

அதற்கு அடுத்த வருடம் முறையை முழுக்க மாற்றினேன். அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். என் குழு சின்னது, உங்களுடையது முப்பது பேராக இருக்கலாம், ஆனால் சிக்கல் வருகிற இடங்கள் ஒன்றேதான்.

முதல் படி: எதைச் சமமாக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பரிசின் மதிப்பை மூன்று இடத்தில் அளக்கலாம். நீங்கள் செலவழித்த தொகை, பெட்டிக்குள் இருக்கும் பொருளின் விலை, வாங்குகிறவர் வீட்டு வாசலில் அது அவருக்கு என்னவாக வந்து சேர்ந்தது என்பது. முதல் வருடம் நான் நடுவில் இருப்பதை அளந்தேன். பெர்லின்காரருக்குச் சுமார் 31 யூரோ பொருளில் 20 யூரோ கட்டணம், பால்கோவா கிடையாது, பவர் பேங்க் கிடையாது. அவர் வாசலில் அது பரிசே இல்லை, ஒரு பில்.

அதனால் இப்போது வாசலில்தான் அளக்கிறேன். மூன்றே கேள்விகள்: அவர் கைக்கு வந்ததை வைத்து அவர் ஊரில் என்ன செய்ய முடியும், அதற்காக அவர் ஒரு பைசாவாவது கட்ட வேண்டியிருந்ததா, மற்றவர்களுக்கு வந்த அதே நாளில் வந்ததா.

அடுத்து தொகை. இங்கேதான் பெரும்பாலான கம்பெனிகள் சண்டையை விலைக்கு வாங்குகின்றன. ஒரு கட்சி, எல்லோருக்கும் ஒரே தொகை என்று சொல்லும். இன்னொரு கட்சி, ஊருக்கு ஊர் விலைவாசி வேறு, ஆகவே மணிலாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குறைத்துக்கொண்டு டொரண்டோவுக்குக் கூட்டலாம் என்று சொல்லும். சம்பளத்தில் இந்த இரண்டாவது வாதத்தைப் பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை. பரிசில் அது எடுபடாது. காரணம் ரொம்பச் சாதாரணம்: சாப்பாடும் வாடகையும்தான் மணிலாவில் மலிவு, ஒரு ஹெட்போனோ கீபோர்டோ அங்கே மலிவில்லை, பல நேரம் இறக்குமதி வரியால் கூடுதல் விலைதான். பரிசு என்றால் மக்கள் வாங்குவது அந்த மாதிரிப் பொருளைத்தான். அதோடு, தொகையை எப்படியும் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள், சாட்டில் யாராவது ஒரு படம் போட்டால் போதும்.

என் விதி: அடித்தளத் தொகை ஒன்று, அதற்குக் கீழே யாருக்கும் கிடையாது, விலைவாசி கூடிய ஊருக்கு மட்டும் ஏற்றலாம். ஏற்றலாம், இறக்கக் கூடாது. எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு உலக வங்கியின் வாங்கும் திறன் கணக்கையெல்லாம் இழுக்க வேண்டாம், ஒன்பது பேருக்கு அது வேண்டாத பாரம். நான் வைத்திருக்கிற அளவுகோல், அந்த ஊரில் சாதாரண நல்ல ஓட்டலில் இரண்டு பேர் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட இந்தத் தொகை போதுமா என்பது. அந்த ஊர் ஆளையே கேட்டுக்கொள்ளலாம், பரிசைப் பற்றி எதுவும் சொல்லாமல் சும்மா பேச்சில்.

2025-இல் அடித்தளம் 4,000 ரூபாய். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், மணிலா, நைரோபி எல்லாவற்றிலும் இது தாராளம். பெர்லினிலும் டொரண்டோவிலும் இழுபறி. பெர்லினுக்கு 48 யூரோ, டொரண்டோவுக்கு 80 கனடா டாலர் என்று வைத்தேன், இரண்டுமே அன்றைய மாற்று விலையில் ஐயாயிரத்தை ஒட்டி வந்தன. 48 என்பது ஏன் 50 இல்லை, 55 இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, வரிப் பகுதியில் வருகிறேன். பரிசுக்கு மொத்தம் 38,200 ரூபாய், கொரியரையும் சேர்த்த முதல் வருடச் செலவைவிடக் குறைவு, கைக்குப் போய்ச் சேர்ந்தது தலைக்கு ஆயிரத்துக்கும் மேல் கூடுதல்.

இந்த விதியை ஒளிக்காதீர்கள். "எல்லோருக்கும் 4,000, இரண்டு ஊருக்கு விலைவாசிக்காகக் கொஞ்சம் கூடுதல்" என்று ஒரு வரி குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் தெரியவந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது படி: கேளுங்கள், ஆனால் ஒரே ஷீட்டில் வேண்டாம்

ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்பதற்காக முகவரியைப் பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்து அனுப்புவது பெரிய தவறு. டொரண்டோக்காரர் வீடு மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது, பெட்டி பழைய வீட்டுக்குப் போய்விட்டது. எப்போது வரும், என்ன வரும் என்பதில் ஆச்சரியம் இருக்கட்டும், எங்கே வர வேண்டும் என்பதில் வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு படிவம் அனுப்புங்கள். எல்லோரும் திறந்து பார்க்கிற ஷீட்டில் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் எழுதச் சொல்லாதீர்கள், குறிப்பாகப் பெண்கள் பலருக்கு அது பிடிக்காது, சொல்லவும் மாட்டார்கள். நான் கேட்டவை கொஞ்சம்தான்: இந்த மாதம் எங்கே இருப்பீர்கள், கொரியர்காரர் கூப்பிட்டால் எடுக்கிற எண் எது, பொருளாக வேண்டுமா, கடை வவுச்சராக வேண்டுமா, சாப்பாடாக வேண்டுமா, எது ஆகாது. கடைசியாக ஒரு பெட்டி: "எனக்கு வேண்டாம், இன்னாருக்குக் கொடுங்கள்". அதை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் முகவரி வேறு மாதிரி என்பதைப் படிவம் போடும்போது நினைவில் வையுங்கள். நைரோபியில் பலருக்குத் தபால் போவது தபால்பெட்டி எண்ணுக்கு, வீட்டுக் கதவு எண்ணுக்கு அல்ல. கொரியர்காரர் போன் போட்டு "எந்தப் பெட்ரோல் பங்க் பக்கம்" என்று கேட்டுத்தான் வருவார். ஆகவே பின்கோடு கட்டாயம் என்று பூட்டிய படிவம் அவரைப் பொய் எழுத வைக்கும். பிரேசிலில் உங்கள் ஆள் இருந்தால் வெளிநாட்டுப் பார்சலுக்கு அவருடைய சி.பி.எஃப் எண் வேண்டும், தென்கொரியாவில் கஸ்டம்ஸுக்கென்றே தனி எண் இருக்கிறது, இந்தியாவுக்கு வருகிற கொரியருக்கு அடையாளச் சான்று கேட்பார்கள். இதெல்லாம் எல்லை தாண்டி அனுப்பினால்தான். அடுத்த படியைப் பின்பற்றினால் இவை பெரும்பாலும் தேவைப்படாது.

மூன்றாவது படி: எல்லையைத் தாண்டாதீர்கள், அந்த ஊரிலேயே வாங்குங்கள்

முக்கியமான படி இதுதான். கோவையில் பெட்டி கட்டி ஏழு ஊருக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, அந்தந்த நாட்டுக் கடையில் அந்த நாட்டுக்குள்ளேயே வாங்கி அனுப்புங்கள். கஸ்டம்ஸ் இல்லை, விமானக் கொரியர் இல்லை, மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடும், உடைந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

"பரிசு என்று எழுதினால் வரி இல்லையே" என்று பலர் நம்புகிறார்கள். முதல் வருடம் நானும் நம்பினேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரைக்கும் பரிசுக்கு வரிவிலக்கு உண்டுதான், ஆனால் அது ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு அனுப்பினால். அனுப்புநர் பெயரில் கம்பெனி இருந்தால் அது வெறும் இறக்குமதி. 22 யூரோவுக்குக் கீழே வாட் இல்லை என்ற பழைய சலுகையையும் 2021 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழ் வரியில்லை என்று இருந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியிலிருந்து நிறுத்தினார்கள், அந்த வாரம் இந்திய அஞ்சல் துறை உட்படப் பல நாட்டு அஞ்சல்கள் அமெரிக்கப் பார்சலை வாங்குவதையே நிறுத்திவைத்தன. இந்தியாவும் 2019 டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுக்கான விலக்கை எடுத்துவிட்டது, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. போன வருடம் போனது என்று இந்த வருடம் நம்ப முடியாது.

அமேசான் கிஃப்ட் கார்டு அனுப்பிவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். அமேசான் கார்டு ஒவ்வொரு நாட்டுத் தளத்துக்கும் தனித்தனி. இந்தியத் தளத்தில் வாங்கிய கார்டு ஜெர்மன் தளத்தில் செல்லாது. இலங்கைக்கும் கென்யாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் தனித் தளமே இல்லை. அவர்களுக்கு அமெரிக்கத் தளத்துக் கார்டை அனுப்பினால், வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் அனுப்பும் கட்டணமும் உள்ளூர் வரியும் அவர்கள் தலையில். 45 டாலர் கார்டில் 25 டாலர் பொருள்தான் தேறும். என் குழுவில் ஒன்பதில் நான்கு பேருக்கு இப்படி.

நான் செய்தது ஊருக்கு ஒன்று. இந்தியாவில் மூவருக்கும் அவர்கள் படிவத்தில் கேட்டதையே நேராக வாங்கி வீட்டுக்கு அனுப்பினேன்: ஒரு ஹெட்போன், ஒரு அழுத்தக் குக்கர், ஒரு புத்தகக் கட்டு. குக்கர் கேட்டவரைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு அவர் மனைவி அனுப்பிய படத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு அங்கே கார்கில்ஸ் கடையில் செல்லுகிற வவுச்சர், இன்னொருவருக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆன்லைன் கடை வழியாக ஒரு மேசை விளக்கு. வெளிநாட்டிலிருந்து உறவினருக்குக் கேக் அனுப்ப இலங்கைத் தமிழர் வருடக்கணக்காகப் பயன்படுத்தும் கடைகள் அவை, வெளிநாட்டுக் கார்டை ஏற்பதில் அவற்றுக்குப் பழக்கம் அதிகம். மணிலாவில் மால்களில் செல்லும் பரிசுச் சீட்டு. பெர்லினில் ஒரு புத்தகக் கடைச் சங்கிலியின் வவுச்சர். டொரண்டோவில் ஒரே கடையின் கிஃப்ட் கார்டு.

நைரோபிதான் தகராறு. என் இந்தியக் கார்டை அங்கே மூன்று கடைகள் நிராகரித்தன. சின்ன வெளிநாட்டுக் கடைகளில் இது சகஜம், உங்கள் வங்கியில் சர்வதேசப் பரிவர்த்தனையை முடக்கி வைத்திருக்கிறார்களா என்று முதலில் ஆப்பில் பாருங்கள், அப்புறம் கடையைத் திட்டுங்கள். என் விஷயத்தில் கடைகள்தான் வாங்கவில்லை. கடைசியில் அவரையே அவர் விரும்பியதை வாங்கிக்கொண்டு அந்த மாத இன்வாய்ஸில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன். தனித் தொழிலாக வேலை செய்து பில் போடுகிற ஆட்களுக்கு இது எளிய வழி, தொகை முழுதாகப் போய்ச் சேரும். ஒரே குறை, பரிசு வாங்கிய மாதிரி இல்லாமல் செலவுக் கணக்கு கொடுத்த மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சமாவது சரிக்கட்ட, கையால் எழுதிய ஒரு கார்டைத் தனியாகக் கொரியரில் அனுப்பினேன். எழுதிய கடிதம் ஆவணமாகப் போகும், சரக்காக அல்ல, ஆகவே கஸ்டம்ஸ் தொல்லை இல்லை. பிறகு எல்லோருக்குமே அப்படி ஒரு கார்டு அனுப்பினேன். ஏழு ஊருக்கும் ஒரே மாதிரி போன ஒரே பொருள் அந்தத் தாள்தான்.

எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும், உங்கள் ஊர்ப் பொருளே வேண்டும் என்றால், வரியை அனுப்புகிறவரே கட்டும் முறையைக் கொரியரிடம் கேளுங்கள், டி.டி.பி என்று சொன்னால் புரியும். மதிப்பைச் சுழியம் என்றோ நூறு ரூபாய் என்றோ எழுதாதீர்கள். விற்பனைக்கல்ல என்று எழுதினாலும் உண்மையான விலை இருந்தே ஆக வேண்டும், சந்தேகம் வந்தால் பார்சல் வாரக்கணக்கில் நிற்கும், அப்போது தொலைபேசி போவது உங்களுக்கல்ல, பரிசு வாங்குகிறவருக்கு. பால், இறைச்சி, பேட்டரி, சென்ட் வேண்டாம். கைத்தறித் துண்டு போகும்.

நான்காவது படி: வரி, அதாவது யார் தலையில் விழுகிறது

ஒவ்வொரு நாட்டின் வரியையும் இங்கே எழுத முடியாது. ஆனால் மூன்று வலைகள் எங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன, அவை தெரிந்தால் உள்ளூர்க் கணக்காளரிடம் சரியான கேள்வி கேட்கலாம்.

ஒன்று, பணமும் பணம் மாதிரியானதும். பல நாடுகளில் பொருளாகக் கொடுத்தால் விலக்கு, பணமாகக் கொடுத்தால் அது சம்பளம். கிஃப்ட் கார்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அமெரிக்காவில் பொதுப் பொருள் எதையும் வாங்கக்கூடிய கிஃப்ட் கார்டு எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் ஊழியரின் சம்பளமாகவே கணக்கிடப்படும். கனடாவில் பணமல்லாத பரிசுக்கு வருடத்துக்கு 500 டாலர் வரை இடம் உண்டு. கார்டு ஒரே கடையிலோ கார்டில் பெயர் குறித்த கடைகளிலோ மட்டும் செல்வதாக, பணமாக மாற்ற முடியாததாக இருந்து, யாருக்கு எப்போது எதற்காகக் கொடுத்தீர்கள் என்று பதிவேடு வைத்தால் அதையும் இதற்குள் சேர்க்கலாம். டொரண்டோவுக்கு ஒரே கடைக் கார்டு கொடுத்தது அதனால்தான்.

இரண்டு, காரணம். பிரிட்டனில் 50 பவுண்டுக்குள் கொடுக்கும் சின்னப் பரிசுக்கு வரி இல்லை, ஆனால் அது வேலைக்கான வெகுமதியாக இருக்கக் கூடாது. கனடாவிலும் வேலைத் திறனுக்காகக் கொடுத்தால் விலக்கு போய்விடும். இது கொஞ்சம் வேடிக்கைதான். "அருமையாக வேலை செய்தீர்கள்" என்று கொடுத்தால் வரி, "பண்டிகை வாழ்த்து" என்று கொடுத்தால் வரி இல்லை. ஏமாற்றச் சொல்லவில்லை, ஆண்டிறுதிக்கு எல்லோருக்கும் கொடுக்கிறீர்கள் என்றால் கார்டிலும் கணக்கிலும் அதையே எழுதுங்கள். தனியாக ஒருவர் செய்த சாதனைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அது போனஸ், சம்பளப் பட்டியல் வழியாகவே கொடுங்கள்.

மூன்று, வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது. ஜெர்மனியில் ஊழியருக்குப் பொருளாகத் தரும் சலுகைக்கு மாதம் 50 யூரோ வரை வரி இல்லை, 2022-க்கு முன் அது 44. ஒரு சென்ட் தாண்டினாலும் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் வரி. ஆகவே 48 வைத்தேன், இரண்டு யூரோ இடைவெளி விட்டு. அந்த மாதம் அவருக்கு இந்த வரம்பில் வருகிற வேறு சலுகை உண்டா என்று அவரை அங்கே வேலைக்கு வைத்திருக்கும் இடைநிலை நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொண்டேன். நைரோபியில் செய்த மாதிரி "நீங்களே வாங்கிக்கொண்டு ரசீது அனுப்புங்கள்" என்பதும் ஜெர்மன் ஊழியருக்கு ஆகாது, திருப்பித் தரும் காசு அங்கே பணமாகவே கணக்கிடப்படும், பொருளாக அல்ல.

இந்தியாவில் ஊழியருக்கான பரிசுக்கு 2026 மார்ச் வரை வருடம் 5,000 ரூபாய் வரம்பு இருந்தது, அதுவும் பொருளுக்கும் வவுச்சருக்கும்தான், ரொக்கத்துக்கு இல்லை. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் இப்போதைய வரம்பை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊழியராக இல்லாமல் பில் போட்டு வேலை செய்கிறவருக்கு வருடம் 20,000 ரூபாய்க்கு மேல் சலுகை போனால் 10 சதவீதம் டி.டி.எஸ் பிடிக்க வேண்டும், இது 2022 ஜூலையில் வந்தது. நாலாயிரம் ரூபாய் பரிசுக்கு இது தொடாது, லேப்டாப் கொடுத்தால் தொடும்.

எங்காவது வரி தவிர்க்கவே முடியாது என்றால், அதை நீங்கள் ஏற்றுக்கொண்டு தொகையைத் தூக்குங்கள். ஷீட்டில் B பத்தியில் அவர் கைக்குப் போக வேண்டிய தொகை, C-யில் 20% என்பது மாதிரிப் பிடித்த விகிதம் என்றால்:

```
=B2/(1-C2)
```

20 சதவீதம் பிடிப்பார்கள் என்றால் 4,000-க்கு 800 சேர்த்து 4,800 கொடுத்தால் போதாது, 5,000 கொடுக்க வேண்டும். கணக்காளர் இல்லாத சின்னக் குழுக்கள் இதில்தான் அடிக்கடி சறுக்குகின்றன.

ஐந்தாவது படி: நாளையும் மணியையும் பின்னாலிருந்து எண்ணுங்கள்

டிஜிட்டல் வவுச்சர் நொடியில் போகும், விளக்கு நாலு நாளில் போகும், கார்டு இரண்டு வாரத்தில் போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கிளப்பினால் மணிலாக்காரர் திங்கட்கிழமை நன்றி சொல்வார், மதுரைக்காரர் வியாழக்கிழமை வரை "எனக்கு வரவில்லையே, என்னை மறந்துவிட்டார்களோ" என்று வாயை மூடிக்கொண்டு இருப்பார். ஆகவே மெதுவாகப் போவதை முதலில் அனுப்பி, வேகமாகப் போவதை நிறுத்தி வையுங்கள்.

நான் குறித்த நாள் 2025 டிசம்பர் 12, வெள்ளி. கிறிஸ்துமஸ் வாரம் வேண்டாம் என்று முடிவு செய்தேன், மணிலாவில் டிசம்பர் நடுவிலிருந்து சாலையும் கொரியரும் திணறும், பெர்லினில் கடைசி வாரம் பாதி ஊர் விடுமுறை. படிவம் தீபாவளி முடிந்து அக்டோபர் கடைசியில் போனது. நவம்பர் முதல் வாரம் பதில்கள் வந்தன, ஒருவருக்கு மட்டும் மூன்று முறை நினைவூட்டினேன். கைப்பட எழுதிய கார்டுகள் நவம்பர் 17-இல் கொரியருக்குப் போயின. பொருட்கள் டிசம்பர் முதல் வாரம் வீடு வந்து சேரும்படி. பெட்டி மேல் "12-ஆம் தேதி வரை பிரிக்க வேண்டாம்" என்று ஒட்ட முடியாத இடத்தில் ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். இரண்டு பேர் பிரித்துவிட்டார்கள், போகட்டும்.

வவுச்சர் எண்கள் 12-ஆம் தேதி போக வேண்டும். எல்லோரும் விழித்திருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைத்தது:

```
Asia/Kolkata      18:30
Asia/Colombo      18:30
Asia/Manila       21:00
Africa/Nairobi    16:00
Europe/Berlin     14:00
America/Toronto   08:00
```

மணிலாவுக்கு இரவு ஒன்பது கொஞ்சம் அதிகம்தான். அதனால் அழைப்பு இருபது நிமிடம் மட்டும், வருவது கட்டாயமில்லை, வராதவர்களுக்கு மின்னஞ்சலில் போய்விடும். இந்தப் பட்டியல் டிசம்பருக்கு மட்டும் பொருந்தும். பெர்லினும் டொரண்டோவும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அதுவும் ஒரே நாளில் தள்ளாது, கனடா மார்ச் இரண்டாவது ஞாயிறில், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறில். அந்த இடைவெளியில் நிகழ்ச்சி வைத்தால் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். உங்கள் குழுவில் சான் பிரான்சிஸ்கோவும் சிட்னியும் இருந்தால் பொதுவான நேரத்தைத் தேடாதீர்கள், ஒவ்வொருவருக்கும் அவர் ஊர்க் காலை ஒன்பதுக்குப் போகட்டும், ஒரே தேதியாக இருந்தால் போதும்.

ஜிமெயிலில் Schedule send போடும்போது அது காட்டுவது உங்கள் ஊர் மணி, வாங்குகிறவர் ஊர் மணி அல்ல. வவுச்சர் கடையே நேராக மின்னஞ்சல் அனுப்புவதாக இருந்தால் அது பெரும்பாலும் ஸ்பேம் பெட்டிக்குள் போகும், "பரிசு வென்றீர்கள்" என்கிற மோசடி மாதிரியே இருக்கும் என்பதால் திறக்கவும் பயப்படுவார்கள். எண்ணை நீங்களே வாங்கி, உங்கள் முகவரியிலிருந்து, உங்கள் வார்த்தையில் அனுப்புங்கள்.

ஆறாவது படி: வரவில்லை என்றால்

அழைப்பு முடிந்து மூன்று நாள் கழித்து ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: வந்ததா, வேலை செய்கிறதா, ஏதாவது கட்ட வேண்டியிருந்ததா. "எல்லோருக்கும் வந்துவிட்டதா?" என்று குழுச் சாட்டில் கேட்டால் வராதவர் பேச மாட்டார். மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம், நம் ஆட்கள் கையிலிருந்து கட்டிவிட்டு அதைச் சொல்லவே மாட்டார்கள். பெர்லின்காரர் 20 யூரோ கட்டியது எனக்குத் தெரிந்ததே நான்கு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சில்.

டிராக்கிங்கில் "டெலிவர்டு" என்று இருந்து கையில் இல்லை என்றால், கொரியரோடு வாக்குவாதம் செய்யும் வேலையை அவரிடம் தள்ளாதீர்கள். அது உங்கள் வேலை. நான் ஒரு வாரம் பார்ப்பேன், அதற்குள் வராவிட்டால் அதே மதிப்பில் வேறொன்று வாங்கிவிடுவேன். இதற்காகப் பட்ஜெட்டில் ஒரு பங்கைத் தனியே வைத்திருந்தேன், ஒன்பது பேருக்குப் பத்துப் பங்கு. 2025-இல் அந்தப் பத்தாவது பங்கு மதுரைக்குப் போனது, எல்லை தாண்டாத, 220 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மதுரைக்கு. ஹெட்போன் பெட்டிக்குள் ஹெட்போனே இல்லை, ஒரு சோப்பு இருந்தது.